பத்திரப்பதிவுக்கு முன்னால் வரும் ஏமாற்றக் கனவு

கேள்வி: வீடு ஒன்று வாங்க முன்பணம் கொடுத்துவிட்டேன். பதிவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. முதலில் வந்த கனவுகள் நன்றாகத்தான் இருந்தன; அந்த வீட்டில் நான் பார்க்காத அறைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போயின. இப்போது அடிக்கடி வேறு கனவு. பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் எழுத்து நிற்காமல் மாறுகிறது. சாவி பூட்டில் சேரவில்லை. உள்ளே வேறொரு குடும்பம் குடியிருக்கிறது. விற்றவரைக் காணவில்லை. எல்லாமே விடியற்காலையில் வருகின்றன. இது எச்சரிக்கையா? வாங்காமல் விட்டுவிடலாமா?

பதில்:

கனவை நம்பி வீட்டை விடவும் வேண்டாம், கனவை நம்பி வாங்கவும் வேண்டாம். விற்பவர் யோக்கியமானவரா, பத்திரம் சுத்தமாக இருக்கிறதா என்பதெல்லாம் விழித்திருக்கும்போது உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் கனவுக்கும் தெரியும். ஆனால் இந்த வீடு உங்களுக்கு எதற்காக வேண்டும், அது கைநழுவினால் எது போய்விடும் என்று பயப்படுகிறீர்கள் என்பதைக் கனவு ஓரளவு காட்டிவிடும். தூக்கக் கோளாறுகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். பெரிய தொகையை ஒரே இடத்தில் போடப் போகிறவர்களுக்கு இந்த மாதிரிக் கனவு வருவது மிகச் சாதாரணம். சொந்தமாக வீடு கட்டுகிறவர், நிலம் வாங்குகிறவர், வயதான பெற்றோருக்காக வீடு பார்க்கிறவர் என்று பலரும் கிட்டத்தட்ட இதே காட்சிகளைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

முதலில் எச்சரிக்கை என்ற பயத்தைப் பார்த்துவிடுவோம், அது போனால்தான் மற்றதைப் பேச முடியும். வரப்போவதைக் கனவு முன்கூட்டியே சொல்லுமா என்பதைப் பெரிய அளவில் சோதிக்க ஒரு வாய்ப்பு 1932இல் அமெரிக்காவில் கிடைத்தது. விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் கைக்குழந்தை கடத்தப்பட்டு, என்ன ஆனது என்றே தெரியாமல் நாடே பதறிக்கொண்டிருந்த நேரம். ஹார்வர்டு உளவியலாளர் ஹென்றி முர்ரேயும் அவருடன் வேலை செய்த வீலர் என்பவரும், இந்தக் குழந்தையைப் பற்றிக் கனவு கண்டவர்கள் எழுதி அனுப்பும்படி செய்தித்தாள் வழியாகக் கேட்டார்கள். 1,300க்கும் மேற்பட்ட கனவுகள் வந்து சேர்ந்தன. பிறகு குழந்தையின் உடல் மரங்களுக்கு நடுவே, ஆழமில்லாத குழியில் கிடைத்தது. வந்த கனவுகளில் குழந்தை இறந்துவிட்டதாகச் சொன்னவை சுமார் 5 சதவீதம். இறந்தது, குழியில் கிடந்தது, மரங்களுக்கு நடுவே இருந்தது என்ற மூன்றும் சேர்ந்து வந்த கனவுகள் நான்கே நான்கு. அந்த நான்கு எவை என்று முன்னாலேயே பிரித்தெடுக்க யாருக்கும் வழியில்லை.

உங்கள் விஷயமும் இதேதான். முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் ஆயிரம் பேரில் நிறையப் பேருக்கு ஏமாந்து நிற்பதாகக் கனவு வரும். அவர்களில் சிலர் நிஜமாகவே ஏமாறவும் செய்வார்கள். அந்தச் சிலர்தான் "எனக்கு அப்பவே கனவில் தெரிந்தது" என்று காலத்துக்கும் சொல்லுவார்கள். நல்லபடியாகப் பதிவு முடிந்தவர்கள் அந்தக் கனவை அடுத்த மாதமே மறந்துவிடுவார்கள். அதனால் பலித்த கனவுகளின் கதை மட்டுமே நம் காதுக்கு வந்து சேருகிறது.

விடியற்காலையில் வருகிறது என்பதால் கூடுதலாகப் பயப்பட வேண்டாம். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நாம் சொல்வதைப்போலவே, நடுநிசிக்குப் பின் வரும் கனவே உண்மை என்று பழைய ரோமானியர்களும் நம்பினார்கள். இப்படி ஒரு நம்பிக்கை பல இடங்களில் தோன்றியதற்குக் காரணம் தூக்கத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் கட்டம் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வரும். தெளிவான, கதைபோன்ற கனவுகள் அதில்தான் அதிகம். முன்னிரவில் சில நிமிடமே நீடிக்கும் அந்தக் கட்டம் விடியற்காலையில் அரை மணி நேரம் வரைகூட நீளும். அந்தக் கட்டத்திலிருந்து நேரே விழித்தால் கனவு அப்படியே நினைவில் நிற்கும். இரவு முழுக்கக் கண்டதில் கடைசியாகக் கண்டதுதான் கையில் மிஞ்சுகிறது, அவ்வளவுதான்.

அடுத்து, பத்திரத்தில் எழுத்து நிற்காமல் மாறியது. உங்களைப் போன்றவர்கள் அதிகம் கலங்குவது இந்தக் காட்சிக்குத்தான். "பத்திரம் போலி என்றுதானே அர்த்தம்?" என்று கேட்பார்கள். எர்னெஸ்ட் ஹார்ட்மன் என்ற கனவு ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் சுமார் 400 பேரிடம், கனவில் படிக்கிறீர்களா, எழுதுகிறீர்களா, கணக்குப் போடுகிறீர்களா என்று கேட்டார். பகலில் மணிக்கணக்காக அதையே செய்கிறவர்கள் உட்படப் பெரும்பாலோர் சொன்ன பதில், ஒருபோதும் இல்லை, அல்லது அநேகமாக இல்லை. நடப்பதும் பேசுவதும் பகலில் போலவே கனவிலும் வருகின்றன; வரிவரியாகப் படிப்பது அபூர்வம். அப்படியே ஒரு காகிதம் கனவில் வந்தாலும், அதைத் திரும்பப் பார்க்கும்போது எழுத்து வேறாக இருந்ததாகப் பலரும் சொல்கிறார்கள். அது உங்கள் பத்திரத்தின் குறை அல்ல. கனவில் தமிழ்ப் பாடப்புத்தகத்தைப் பிரித்திருந்தாலும் எழுத்து நின்றிருக்காது. சாவி சேராததும், ஓட நினைத்தால் கால் நகராததும், பேனா எழுதாததும் இதே வகை. எண்ணி முடியாத பேர் சொல்லும் காட்சிகள் இவை. குறிப்பிட்ட ஒரு வீட்டைப் பற்றி இவற்றிலிருந்து எதுவும் எடுக்க முடியாது.

கனவு ஏன் கெட்ட பக்கமே சாய்கிறது என்பதற்கும் பதில் உண்டு. கால்வின் ஹாலும் ராபர்ட் வான் டி காசிலும் 200 கல்லூரி மாணவர்களிடமிருந்து ஆளுக்கு 5 வீதம் 1,000 கனவுகளை எடுத்து எண்ணி, 1966இல் வெளியிட்டார்கள். ஏதாவது ஒரு கஷ்டம் அல்லது இழப்பு நேரும் கனவுகள் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. தானாக நல்லது நடக்கும் கனவுகள் நூற்றுக்கு ஆறு. இத்தனைக்கும் அவர்கள் சிக்கல் என்று யாரிடமும் போனவர்கள் அல்ல. ஆபத்தைப் பாதுகாப்பாக ஒத்திகை பார்க்கத்தான் கனவு உருவானது என்று ஃபின்லாந்தின் ஆண்டி ரெவோன்சுவோ 2000இல் ஒரு கருத்தை முன்வைத்தார். எல்லா ஆய்வாளர்களும் அதை ஏற்கவில்லை. எனக்கும் அது எல்லாக் கனவுக்கும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. ஆனால் பெரிய தொகை கைமாறப் போகிற வாரங்களில் மனம் மோசமான முடிவுகளை ஒவ்வொன்றாக நடத்திப் பார்க்கிறது என்பதை நேரிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன்.

கெட்ட கனவைவிட உங்களுடைய அந்த நல்ல கனவுதான் எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. பார்க்காத அறைகள் திறந்துகொண்டே போவது அருமையான கனவு. புதிதாக ஏதோ தொடங்கப் போகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். சந்தோஷமாக ரசியுங்கள். ஆனால் அதையே "இந்த வீடு நமக்கென்று இருக்கிறது" என்ற உத்தரவாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கேரி மோர்வெட்ஜ், மைக்கேல் நார்ட்டன் என்ற இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வுகளில், அமெரிக்கா, தென்கொரியா, இந்தியா மூன்று இடங்களிலும் மாணவர்களில் பெரும்பாலோர் கனவில் மறைந்த உண்மை இருப்பதாகவே நம்பினார்கள். அதைவிட முக்கியமான ஒன்றும் அதில் தெரிந்தது: ஏற்கெனவே இருக்கும் விருப்பத்தோடு ஒத்துப்போகும் கனவைத்தான் மக்கள் அதிகம் பொருட்படுத்தினார்கள், ஒத்துப்போகாததைத் தள்ளிவிட்டார்கள். வீடு வாங்குகிறவருக்கு இது நேரடியாக உதைக்கும். கெட்ட கனவு கண்டவர் கூடுதலாக ஒருமுறை காகிதங்களைச் சரிபார்ப்பார். நல்ல கனவு கண்டவர் வக்கீலிடம் காட்டுவதைத் தள்ளிப்போடுவார். ஆகவே எந்தக் கனவு வந்தாலும் சரிபார்க்க வேண்டிய பட்டியல் ஒரு வரிகூடக் குறையக் கூடாது.

சரி, கனவு வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை என்றால் எதைச் சொல்கிறது? இதை ஒருவருடைய கனவை வைத்துச் சொன்னால் எளிதாக இருக்கும். அவர் யார் என்று அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நாற்பதுகளில் இருந்த ஒரு பெண்மணி. கணவரும் அவரும் சேர்ந்து ஒரு மனை வாங்க முடிவு செய்திருந்தார்கள். அவருக்குத் திரும்பத் திரும்ப ஒரே கனவு. மனையை அளப்பதற்காக நாடாவைப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் மனை சின்னதாகிவிடும். கடைசியில் இரண்டு கால் வைக்க இடம் இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நின்று சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், யாரும் இவரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிறகு ஒரு மேசையில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், பேனா எழுதாது. விற்பவர் அளவில் ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டி, நிஜ மனையை இரண்டு முறை வேறுவேறு ஆட்களை வைத்து அளந்தும் பார்த்துவிட்டார். அளவு சரியாகவே இருந்தது. கனவு மட்டும் நிற்கவில்லை.

நான் அவரிடம் மனை சுருங்குவதற்கு அர்த்தம் கேட்கவில்லை. கனவில் எந்த நொடியில் வயிறு கலங்கியது என்று கேட்டேன். மனை சுருங்கும்போது என்று சொல்வார் என நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க என்னைப் பார்க்காம பேசிட்டிருந்தாங்களே, அப்பத்தான்" என்றார். அதே உணர்வு இந்த ஒரு மாதத்தில் விழித்திருக்கும்போது எப்போது வந்தது என்று அடுத்துக் கேட்டேன். பதில் உடனே வந்துவிட்டது. மனைக்கான பணத்தில் பெரும்பகுதி அவருடைய சேமிப்பு. பத்திரம் கணவர் பெயரில் மட்டும் என்று, இவர் அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே, கணவரும் மாமனாரும் தரகரும் பேசி முடித்துவிட்டார்கள். கணவர் மேல் சந்தேகம் எதுவும் இல்லை என்பதால், இதைப் போய்ப் பெரிதாக்குவதா என்று அவர் வாய் திறக்கவில்லை. இப்படியே விட்டிருந்தால் அந்த மனை வேறு யாருக்கு வேண்டுமானாலும் பாதுகாப்பாக இருந்திருக்கும், அவருக்கு இருந்திருக்காது.

அவர் அன்றே கணவரிடம் பேசவில்லை. பேசியபோதும் சுமுகமாக முடியவில்லை, மாமனார் வருத்தப்பட்டார். ஆனாலும் பத்திரம் இருவர் பெயரிலும் ஆனது. கனவு அதோடு அடியோடு நின்றுவிட்டது என்று சொன்னால் கதை அழகாக இருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை. அடிக்கடி வருவது குறைந்தது. வீடு கட்டத் தொடங்கி, செலவு கைமீறியபோது மறுபடியும் வந்தது. அப்போது கனவில் பேனா எழுதியதாம்.

இந்தக் கனவில் கவனிக்க வேண்டியது உணர்வு. பொருள்களை அகராதி பார்த்து மொழிபெயர்க்கத் தேவையில்லை. விழித்திருக்கும்போது மனதில் ஓடும் கவலைகள்தான் கனவிலும் தொடர்கின்றன என்பது கனவு ஆய்வில் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. தொடர்வது கவலையும் அதன் உணர்ச்சியும். காட்சிகள் எங்கிருந்தோ ஒட்டப்படுகின்றன. நேற்றுப் பார்த்ததிலிருந்து சில, ஐந்து முதல் ஏழு நாள் முன்னால் நடந்ததிலிருந்து சில, எப்போதோ குடியிருந்த வீட்டிலிருந்து சில. ஆகவே உங்கள் கனவில் அன்றைக்கு வந்த பூட்டு போன வாரம் வேறெங்கோ பார்த்த பூட்டாக இருக்கலாம். அதை ஆராய்வது வீண்.

இப்போது உங்கள் கனவுக்கு வருவோம். எழுத்து மாறுவதையும் சாவியையும் ஒதுக்கினால் இரண்டு காட்சிகள் மிஞ்சுகின்றன. உள்ளே வேறொரு குடும்பம் இருக்கிறது; விற்றவரைக் காணவில்லை. இவற்றில் எதில் உங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது என்று பாருங்கள். அந்தக் குடும்பத்தைக் கண்டபோது வந்தது கோபமா, வெட்கமா, அல்லது "இது இவர்களுக்குத்தான், எனக்கு ஏது" என்ற எண்ணமா? ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விற்றுவிட்டார்களோ என்ற பயமும், சொந்த வீடு என்பதே தனக்கு எட்டாத ஒன்று என்ற பழைய தாழ்வும் கனவில் ஒரே காட்சியாகத்தான் வரும். முதலாவதற்கு மருந்து காகிதத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கு எத்தனை பத்திரம் பார்த்தாலும் தீராது. வாடகை வீட்டிலிருந்து சட்டென்று காலி செய்யச் சொல்லப்பட்டவர்களுக்கும், சின்ன வயதில் குடும்பச் சொத்து கைவிட்டுப் போனதைப் பார்த்தவர்களுக்கும் இந்த இரண்டாவது வகை அதிகம் வருவதைக் கவனித்திருக்கிறேன். விற்றவர் காணாமல் போவதும் அப்படித்தான். பணம் போகிறதே என்றா, "இவ்வளவு படித்தும் ஏமாந்துவிட்டானே" என்று சொல்வார்களே என்றா, வயதான காலத்துக்கு வைத்திருந்த ஒரே பிடிப்பு போகிறதே என்றா? இதற்கு நீங்கள் மட்டும்தான் பதில் சொல்ல முடியும்.

கனவைப் புறக்கணிக்கக் கூடாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு. பகலில் ஏதோ ஒன்றைக் கவனித்திருப்போம், அவசரத்திலோ மரியாதைக்காகவோ கேட்காமல் விட்டிருப்போம். மூலப்பத்திரத்தைக் கேட்டபோது விற்பவர் பேச்சை மாற்றியிருக்கலாம். இன்னொரு பங்குதாரரின் பெயர் ஒரே ஒரு முறை அடிபட்டிருக்கலாம். அந்த உறுத்தல் கனவுக்கு வந்துவிடும். இதை எப்படித் தெரிந்துகொள்வது? கனவிலிருந்து விழித்ததும் எழுந்து நடக்காமல், கண்டதை நாலு வரி எழுதிவையுங்கள். பகலில் வேறொரு தாளை எடுத்து, இந்த விற்பனையில் உங்களுக்கு இன்னும் பதில் கிடைக்காத கேள்விகளைக் கனவை நினைக்காமல் எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கனவின் பயத்துக்கு நேராக, இன்ன நாள், இன்னார் சொன்னது என்று சுட்டிக்காட்டும்படி ஒரு வரி இரண்டாவது தாளில் இருந்தால், போய்க் கேட்க வேண்டிய விஷயம் அது. கனவே வராமல் இருந்திருந்தாலும் கேட்டிருக்க வேண்டியதுதான். அப்படி எதுவும் இல்லாமல் "என்னவோ சரியில்லை" என்பது மட்டும் மிஞ்சினால், அந்த உணர்வின் வேரை வீட்டில் தேடாமல் உங்களிடம் தேடுங்கள். அதையும் மீறி விலக நினைத்தால் தாராளமாக விலகலாம். ஆனால் முன்பணம் திரும்ப வருமா என்று ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு விலகுங்கள்.

இந்த மூன்று வாரமும் தூக்கம் கெடாமல் இருக்க இரண்டு காரியம் செய்யலாம். படுக்கப் போகும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கி, அடுத்த நாட்களில் செய்ய வேண்டியதை எழுதுங்கள்: யாரைக் கேட்க வேண்டும், எந்தக் காகிதம் வர வேண்டும், வங்கிக்கு என்ன கொடுக்க வேண்டும். 2018இல் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு குறிப்பாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. "வீட்டு விஷயம்" என்று ஒற்றை வரியாக எழுதிப் பயனில்லை.

இன்னொன்று, திரும்பத் திரும்ப வரும் கனவுக்கு மருத்துவர்களே பரிந்துரைக்கும் முறை. பகலில், விழிப்பாக இருக்கும்போது, அந்தக் கனவை எடுத்து உங்களுக்குப் பிடித்தபடி மாற்றி எழுதுங்கள். உள்ளே இருக்கும் குடும்பம் கதவைத் திறந்து, "நாங்க நாளைக்குக் காலி பண்றோம், உள்ளே வாங்க" என்று சொல்வதாக இருக்கலாம். அல்லது நீங்கள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வக்கீலைக் கூட்டிவரப் போவதாக இருக்கலாம். எப்படி மாற்றுவது என்பது உங்கள் இஷ்டம். மாற்றிய கதையைத் தினமும் பத்து, இருபது நிமிடம் மனதில் ஓட்டுங்கள். பழைய கனவை மறுபடி ஓட்ட வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் பலருக்குக் கனவின் கடுமை குறைகிறது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது.

முன்பு எப்போதாவது சொத்து விஷயத்தில் நிஜமாகவே ஏமாந்திருக்கிறீர்களா? கேள்வியில் அதைப் பற்றி எதுவும் இல்லை. அப்படி ஏமாந்திருந்தால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. நடந்ததே ஏறக்குறைய நடந்தபடி, அதே ஆள், அதே இடம் என்று கனவில் வந்துகொண்டிருந்தால் அதை வரப்போவதைப் பற்றிய கவலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய அடி இன்னும் ஆறவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது அலறி விழிக்கிறீர்கள், திரும்பத் தூங்கவே பயமாக இருக்கிறது, பகலில் வேலை ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும், தினமும் குடித்துவந்த மதுவைத் திடீரென்று நிறுத்துவதும்கூடக் கனவுகளைக் கடுமையாக்கும். அண்மையில் ஏதாவது மருந்து மாற்றியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவரைக் கேட்காமல் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.